பாணியும் ஊசியும்

2020 டிசம்பர். கேகாலையில் தம்மிக பண்டார என்பவர் தேனும் சாதிக்காயும் சேர்த்து ஒரு பாணி காய்ச்சினார். கொரோனாவுக்கு அதுவே மருந்து என்றார். செய்முறையைக் காளியம்மன் சொல்லித் தந்ததாகவும் சொன்னார். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த பவித்ரா வன்னியாராச்சி அதைக் கமராக்களுக்கு முன்னால் குடித்துக் காட்டினார். ஆயிரக்கணக்கானவர்கள் கேகாலையில் வரிசை கட்டி நின்றார்கள். அடுத்த மாதம், 2021 ஜனவரியில், அமைச்சருக்கே தொற்று உறுதியானது.

2021 ஏப்ரல் 15. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு நடிகர் விவேக் வந்தார். பத்திரிகையாளர்கள் பார்த்திருக்கக் கோவாக்சின் ஊசி போட்டுக்கொண்டார். எல்லாரும் பயப்படாமல் போடுங்கள் என்றார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலை இறந்துபோனார். வயது 59.

இரண்டையும் மட்டக்களப்பில் இருந்து ரி.வியிலும் போனிலும் பார்த்தோம். ஒன்றில் சரக்கு சொத்தை. சனம் முண்டியடித்து ஏற்றுக்கொண்டது. மற்றதில் சரக்கு நல்லது, சனம் பின்வாங்கியது. இரண்டிலும் பயம் இருந்தது, பெயர் பெற்ற ஒருவர் இருந்தார். இரண்டாவதில் அந்த ஆள் நாட்டையே சிரிக்க வைத்தவர். பயம், சிரிப்பு, பிரபலம் என்று விளம்பரக்காரர் கையில் எடுக்கும் மூன்று கருவிகளும் இங்கே ஒரே இடத்தில் கிடக்கின்றன. இவை எப்போது வேலை செய்கின்றன, எப்போது கவிழ்க்கின்றன என்று அவ்வப்போது எழுதி வைத்தவை கீழே.

*

ரிச்சர்ட் பெட்டி, ஜோன் கசியோப்போ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1980களில் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். ஆங்கிலத்தில் எலாபரேஷன் லைக்லிஹூட் மொடல் என்பார்கள். ஒரு செய்தியைக் கேட்பவர் அதை எவ்வளவு தூரம் விரித்து யோசிப்பார் என்பதுதான் அதன் கேள்வி. நான் இதை விரிசிந்தனை மாதிரி என்று எழுதிக்கொள்கிறேன்.

யோசிப்பதற்கு இரண்டு வேண்டும். ஒன்று விருப்பம்: இது என் சோலி, என்னைப் பாதிக்கும் என்ற எண்ணம். மற்றது இயலுமை: நேரம், அமைதி, விஷயம் விளங்கக்கூடிய மொழி, கொஞ்சம் முன்னறிவு. இரண்டும் இருந்தால் ஆள் சொல்லப்படும் காரணங்களை எடைபோடுகிறார். அது மையப் பாதை. ஒன்று குறைந்தாலும் காரணத்தை விட்டுவிட்டு வேறு அடையாளங்களைப் பிடித்துக்கொள்கிறார்: யார் சொன்னது, எத்தனை பேர் சொன்னார்கள், படம் வடிவா, பாட்டு நல்லாயிருக்கா. அது ஓரப் பாதை.

இரண்டு பாதையாலும் மனம் மாறும். மாறிய அன்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பிறகுதான் தெரியும். காரணத்தை எடைபோட்டு வந்த எண்ணம் நீண்ட நாள் நிற்கும், எதிர்ப் பேச்சுக்கு அசையாது, செயலாகவும் மாறும். அடையாளத்தைப் பிடித்து வந்த எண்ணம் அந்த அடையாளம் இருக்கும் வரைக்கும்தான்.

*

இந்த மாதிரிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பரிசோதனை ஒரு றேசர் விளம்பரம். பெட்டி, கசியோப்போ, டேவிட் ஷூமன் மூவரும் 1983 இல் வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு விளம்பரங்கள் அடங்கிய ஒரு கையேடு கொடுத்தார்கள். அதில் 'எட்ஜ்' என்ற றேசரின் விளம்பரம் ஒன்று இருந்தது. இந்தப் பரிசோதனைக்காகவே ஆக்கிய றேசர் அது. பாதிப் பேருக்கு, இந்த றேசர் விரைவில் உங்கள் ஊரில் விற்பனைக்கு வருகிறது, முடிவில் ஒரு றேசரை நீங்களே தெரிந்து எடுத்துப் பரிசாகக் கொண்டு போகலாம் என்றார்கள். மற்றப் பாதிப் பேருக்கு, இது வேறு ஊர்களில்தான் வரும் என்றார்கள். அவர்களுக்குப் பரிசு பற்பசை.

விளம்பரத்திலும் இரண்டு மாற்றம். சிலருக்குப் பிரபல விளையாட்டு வீரர்களின் படம், சிலருக்குக் கலிபோர்னியாவின் ஒரு சாதாரண ஊர்க்காரரின் படம். சிலருக்கு வலுவான காரணங்கள், சிலருக்குச் சப்பைக் காரணங்கள்.

முடிவு தெளிவாக வந்தது. றேசரைத் தெரிந்தெடுக்கப் போகிறவர்களிடம் காரணத்தின் வலு பெரிய வித்தியாசத்தைக் காட்டியது. வீரரின் படம் இருந்ததும் இல்லாததும் ஒன்றுதான். பற்பசைக்காரர்களிடம் வீரரின் படம் வேலை செய்தது. காரணத்தின் வலு அவர்களை அவ்வளவு அசைக்கவில்லை.

ஆகவே 'பிரபலம் விற்குமா?' என்று பொதுவாகக் கேட்பது வீண். வாங்கப்போகிறவருக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

*

இதில் ஒரு நுணுக்கத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். பிரபலம் என்றால் எப்போதும் ஓரப் பாதை என்று எழுதிவிடுகிறார்கள். மாதிரி அப்படிச் சொல்லவில்லை. ஒரே விஷயம் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு வேலை பார்க்கும். சச்சின் ஒரு துடுப்பு மட்டையை நல்லது என்றால், மட்டையைப் பற்றி அவருக்குத் தெரியும். அது ஒரு காரணம். அதே சச்சின் பூஸ்ட் குடிக்கச் சொன்னால் காரணத்துக்கும் அடையாளத்துக்கும் நடுவில் நிற்கிறார். ஓடி ஆடுகிறவருக்குச் சக்தி வேண்டும் என்பது வரை பொருந்தும், அதற்கு மேல் இல்லை. வேறொரு நடிகர் சீமெந்து நல்லது என்றால் அது வெறும் அடையாளம்.

கேகாலைப் பாணி ஏறியதன் சூட்சுமம் இதில் இருக்கிறது. குடித்தவர் நடிகராக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். குடித்தவர் சுகாதார அமைச்சர். நோய்க்கும் மருந்துக்கும் பொறுப்பான பதவி. ஆகவே அவர் குடித்ததே ஒரு காரணம் போலத் தெரிந்தது. உண்மையில் அங்கே காரணம் எதுவும் இல்லை: எத்தனை நோயாளிக்குக் கொடுத்தார்கள், கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா என்ற கேள்விக்குப் பதில் இருந்திருக்க வேண்டும். காரணத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும் அடையாளம்தான் ஆபத்தானது. வெள்ளைக் கோட் போட்டவர் பற்தூரிகையைத் தூக்கிப் பிடிப்பதும் இந்த வகை.

*

விவேக்கின் ஊசிக்கு வருவோம். அன்று அவர் காரணமும் சொன்னார். ஊசி போட்டாலும் தொற்று வரலாம், ஆனால் உயிராபத்து குறையும் என்ற பொருளில் பேசினார். சரியான காரணம். ஆனால் எங்கள் போனுக்கு வந்து சேர்ந்தது அந்தப் பேச்சு அல்ல. சட்டைக் கையை மடித்துக்கொண்டு இருக்கிற ஒரு படம். கீழே 'விவேக்கே போட்டுக்கொண்டார்' என்று ஒரு வரி. அதாவது அடையாளம் மட்டும் பயணம் செய்தது. காரணம் ஓமந்தூராரிலேயே தங்கிவிட்டது.

அந்த அடையாளம் இரண்டு நாளில் புரண்டது. 'விவேக் போட்டார், நாமும் போடலாம்' என்று நினைத்தவரின் மனதில் வேறு தாங்குதூண் இல்லை. அதே ஆள், அதே படம், இப்போது எதிர்ப்பக்கம் இழுத்தது. இதயத்தின் முக்கியமான இரத்தக் குழாய் முழுதாக அடைபட்டிருந்தது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். சுகாதாரச் செயலாளர் ஜெ. ராதாகிருஷ்ணனும் ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று விளக்கினார். தடுப்பூசிக்குப் பின்வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு 2021 ஒக்டோபரில் அதையே உறுதி செய்தது. ஆனால் அவை காரணங்கள். ஓரப் பாதையால் வந்தவரைக் காரணத்தால் திருப்பி அழைப்பது கடினம், ஏனென்றால் அவர் வரும்போதும் காரணத்தைக் கேட்டு வரவில்லை.

மையப் பாதையால் வந்தவர் எப்படி யோசித்திருப்பார்? அந்த நாட்களில் இந்தியாவில் ஒரு நாளைக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள், அதிலும் முக்கியமாக 45 வயதைத் தாண்டியவர்கள். அத்தனை பேரில் சிலருக்கு, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், மறுநாள் மாரடைப்பு வந்தே தீரும். ஆகவே ஒருவருக்கு வந்தது எதையும் நிறுவாது. ஊசி போட்டவர்களிடம் வழக்கத்தைவிட அதிகமாக வந்ததா என்பதே கேள்வி. இந்தக் கணக்கை மனதில் வைத்திருந்தவர் விவேக்குக்காக அழுதிருப்பார், ஊசியையும் போட்டிருப்பார்.

விவேக்கின் மேல் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. நல்லதைத்தான் செய்தார். பிரபலத்தை வைத்துப் பிரசாரம் செய்கிற திணைக்களங்கள்தான் இதில் படிக்க வேண்டும்: பிரபலம் கதவைத் திறந்து விடட்டும், உள்ளே போனதும் பேச ஒரு காரணம் தயாராக நிற்க வேண்டும்.

*

பயம். இலங்கையில் அதிகம் அச்சிடப்பட்ட பயம் சிகரெட் பெட்டியில் இருக்கிறது. 2006 இன் 27ஆம் இலக்கச் சட்டம் சிகரெட், மது விளம்பரங்களைத் தடை செய்தது. 2012 இல் படத்துடன் கூடிய எச்சரிக்கை வேண்டும் என்று விதி வந்தது. சிகரெட் கம்பனி நீதிமன்றம் போனது. இழுபறிக்குப் பிறகு 2015 இல் சட்டம் திருத்தப்பட்டு, பெட்டியின் 80 வீதப் பரப்பைப் படம் பிடித்துக்கொண்டது. அழுகிய வாய், கறுத்த நுரையீரல். பார்த்தால் சாப்பாடு இறங்காது.

அரசடிப் பக்கம் ஒரு பெட்டிக்கடையில் கடைக்காரரிடம் கேட்டேன், இந்தப் படத்தைப் பார்த்து யாராவது வேண்டாம் என்று போயிருக்கிறார்களா என்று. "பெட்டிய ஆரு மனே பாக்கிற? ஒண்டு தாங்க, ரெண்டு தாங்க எண்டுதானே வாங்குறாங்க. பெட்டி என்னட்டத்தான் கிடக்கு" என்றார்.

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. எங்கள் ஊர்களில் சிகரெட் பெரும்பாலும் தனித்தனியாக விலைப்படுகிறது. சட்டம் போட்ட பயம் கடைக்காரரின் மேசைக்குள் இருக்கிறது; புகைப்பவரின் விரலுக்கு நடுவில் இருப்பது வெறும் வெள்ளைக் குழல். யோசிக்க வைப்பது ஒருபுறம் இருக்கட்டும், முதலில் கண்ணில் பட வேண்டும். எந்த மாதிரியும் அதற்குப் பிறகுதான்.

*

கண்ணில் பட்டாலும் பயம் நேராக வேலை செய்யாது. 1953 இல் ஜனிஸ், ஃபெஷ்பாக் இருவரும் பல் சுகாதாரம் பற்றி மாணவர்களுக்கு மூன்று விதமாகப் பேசிப் பார்த்தார்கள்: மெல்லிய பயம், நடுத்தரப் பயம், கடும் பயம். சொன்னபடி நடந்தவர்களின் நிகர விகிதம் முறையே 36, 22, 8 வீதம். கூடப் பயமுறுத்தக் கூடப் பலன் வரும் என்ற கணக்கு அங்கேயே பொய்த்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதே வரிசையைக் காட்டவில்லை. பல ஆய்வுகளில் கூடிய பயம் கூடிய பலனையும் தந்தது. ஆகவே பயத்தின் அளவைவிட வேறொன்று முக்கியமாக இருக்க வேண்டும்.

அது என்ன என்பதை 1965 இல் யேல் பல்கலைக்கழகத்தில் லெவந்தால் குழு காட்டியது. ஏற்புவலி ஊசி பற்றி மாணவர்களுக்குத் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். சிலருக்கு வெறும் பயமும் அறிவுரையும். சிலருக்கு அதோடு, ஊசி போடும் நிலையத்தைக் குறித்த ஒரு வரைபடமும், உங்கள் வகுப்பு நேர இடைவெளியில் எப்போது போகலாம் என்று யோசித்து வைக்கச் சொல்லும் குறிப்பும். அந்த மாணவர்களுக்கு நிலையம் எங்கே என்று முன்பே தெரியும். ஆனாலும் முதல் வகையில் போய் ஊசி போட்டவர்கள் ஏறத்தாழ 3 வீதம். வரைபடக்காரர்களில் ஏறத்தாழ 28 வீதம். ஊசி போட வைத்ததில் பயத்தின் அளவு பெரிய வித்தியாசம் செய்யவில்லை. பயம் இல்லாமல் வரைபடம் மட்டும் கொடுத்திருந்தாலும் நடந்திருக்காது. கொஞ்சப் பயமாவது தேவைப்பட்டது.

விரிசிந்தனை மாதிரியின் கண்ணால் பார்த்தால், அளவான பயம் 'இது என் சோலி' என்ற விருப்பத்தைக் கொடுக்கிறது. அதற்குப் பிறகு ஆள் வழியைத் தேடுகிறார். வழி இருந்தால் அதைப் பற்றி யோசிக்கிறார். வழி இல்லாவிட்டால் தன் பயத்தைத்தான் ஆற்றுகிறார்: 'என்ட அப்பாவும் குடிச்சவர், எண்பது வயசு வரைக்கும் இருந்தவர்' என்ற பதில் அங்கிருந்து வருகிறது. அதுவும் யோசனைதான், ஆனால் முடிவை முதலே எடுத்துவிட்டுக் காரணம் தேடும் யோசனை. பெட்டியில் உள்ள அழுகிய வாய்க்குப் பக்கத்தில் 'விட வேண்டுமென்றால் இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்' என்பது பெரிதாக இருந்தால் அந்தப் படம் வேறு படம்.

*

பயத்தில் இன்னொரு மடிப்பு இருக்கிறது, பாணிக் கதையை அதுதான் விளக்குகிறது. 1992 இல் கிளைக்கரும் பெட்டியும் செய்த ஆய்வு. பயந்தவர்களுக்கு ஒரு தீர்வு சொல்லப்பட்டது. அந்தத் தீர்வு பலிக்கும் என்ற நம்பிக்கையை முதலிலேயே ஊட்டினால், பயந்தவர்கள் காரணம் வலுவா சொத்தையா என்று பார்க்காமல் ஏற்றுக்கொண்டார்கள். பலிக்குமோ தெரியாது என்ற நிலையில் விட்டால், அதே பயம் அவர்களைக் கவனமாகப் படிக்க வைத்தது.

பயம் ஆளை மொக்கராக்கும் என்பதல்ல இது. பயந்தவருக்கு வேண்டியது ஆறுதல். ஆறுதல் கையில் கிடைத்துவிட்டது என்று தெரிந்தால், அதைக் கிளறிப் பார்த்துக் கெடுத்துக்கொள்ள அவர் விரும்ப மாட்டார். 2020 டிசம்பரில் ஊசி எப்போது வரும் என்று தெரியாத நாட்டில், அம்மனின் பெயரும் அமைச்சரின் வாயும் சேர்ந்து 'பலிக்கும்' என்ற நம்பிக்கையை முதலே ஊட்டிவிட்டன. பிறகு தேன் எத்தனை கரண்டி, சாதிக்காய் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

*

சிரிப்பு. இதைத்தான் விளம்பரக்காரர்கள் அதிகம் விரும்புகிறார்கள், இதைத்தான் குறைவாக விளங்கிக்கொள்கிறார்கள். வைன்பேர்கர், குலாஸ் இருவரும் 1992 இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிரிப்பு கவனத்தை இழுக்கும், விளம்பரத்தின் மேல் பிரியம் வரச் செய்யும். ஆனால் மனதை மாற்றுவதில் சிரிப்பில்லாத விளம்பரத்தைவிட அதற்குத் தெளிவான மேலதிகப் பலம் இல்லை.

ஏன் என்பதற்கு ஒரு பழைய பரிசோதனை உதவும். பெட்டி, வெல்ஸ், புரொக் மூவரும் 1976 இல் மாணவர்களைக் கல்விக் கட்டணம் பற்றிய ஒரு பேச்சைக் கேட்க வைத்தார்கள். கேட்கும்போதே திரையில் வந்து மறையும் குறிகளையும் பதிவு செய்யச் சொன்னார்கள், கவனத்தைக் கலைப்பதற்காக. வலுவான காரணங்கள் கொண்ட பேச்சு, கவனம் கலைந்தவர்களிடம் எடுபடுவது குறைந்தது. சப்பைக் காரணங்கள் கொண்ட பேச்சு, கவனம் கலைந்தவர்களிடம் எடுபடுவது கூடியது. கலைப்பு தன்பாட்டில் எதையும் தூக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. யோசனையை அடைத்தது, அவ்வளவுதான். நல்ல சரக்குக்கு யோசனை நண்பன், கெட்ட சரக்குக்கு எதிரி.

விளம்பரத்தோடு ஒட்டாத பகிடி இந்தக் குறிகளைப் போன்றது. சொல்ல வலுவான காரணம் இருக்கும் ஒருவர் அதற்குப் பக்கத்தில் மாமியார் மருமகள் பகிடி ஒன்றை வைத்தால் தன் காரணத்தைத் தானே மறைக்கிறார். சொல்லக் காரணமே இல்லாதவருக்கு அது இலாபம்.

ஒட்டும் பகிடி வேறு. ஃபெவிகோல் பஸ் விளம்பரம் இந்தியச் சனல்களில் இங்கேயும் வந்தது. பாலைவனத்தில் ஒரு பழைய வண்டி. கூரையிலும் பக்கத்திலும் ஆட்கள் அப்பிக்கொண்டிருக்கிறார்கள். எவ்வளவு குலுக்கினாலும் ஒருவரும் விழவில்லை. பின்னால் ஃபெவிகோல் பலகை. பகிடியை ஒருவருக்குச் சொல்ல வேண்டுமென்றால் பசை ஒட்டும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பகிடியும் காரணமும் பிரிக்க முடியாதவை.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1949 இல் 'நல்லதம்பி' படத்தில் செய்த 'கிந்தனார்' கதாகாலட்சேபமும் இந்த வகைதான். நந்தனாரின் கதையைத் திருப்பி, கோவிலுக்குப் பதிலாகப் படிப்பைத் தேடிப் போகிற ஒருவரின் கதையாக்கினார். சிரிப்பு வரும் இடமும் கருத்து இருக்கும் இடமும் ஒன்று. விவேக்கை மக்கள் 'சின்னக் கலைவாணர்' என்று அழைத்தது சும்மா இல்லை. அவருடைய படங்களிலும் மூடநம்பிக்கையைக் குத்தும் இடத்தில்தான் சனம் சிரித்தது. அந்தத் திறமை ஓமந்தூராரில் பயன்படவில்லை என்பதுதான் என் கவலை. மாரடைப்பும் ஊசியும் பற்றி அவர் ஒரு பகிடி முன்பே சொல்லியிருந்தால், அதன் காரணம் அவருக்குப் பின்னும் நின்றிருக்கும்.

*

சோடாப் போத்தலில் உள்ள வட்டத்தையும் குறித்து வைக்கிறேன். 2016 ஓகஸ்ட் முதல் இலங்கையில் இனிப்புப் பானங்களுக்கு நிற அடையாளம் கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2 க்குக் கீழ் பச்சை. கட்டுமரம் இழுத்துவிட்டு வந்து தாகத்தில் போத்தல் எடுப்பவர் கிராம்களைக் கணக்குப் பார்க்க மாட்டார். அவருக்காக ஒருவர் முன்பே கணக்குப் பார்த்து நிறமாக்கி வைத்திருக்கிறார். அடையாளம் என்றாலே ஏமாற்று அல்ல. உண்மையான காரணத்தைச் சுருக்கித் தரும் அடையாளமும் உண்டு.

*

எங்கள் ஊருக்கு ஒன்றைச் செய்து பார்ப்போம். டெங்கு. 2017 இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்ட நோய். வாவிக்கரை ஒழுங்கைகளில் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்க வேண்டும் என்று வையுங்கள்.

முதலில் காரணம். வாவிக்கரைச் சனத்துக்கு ஒரு நம்பிக்கை உண்டு: உப்புத் தண்ணியில் நுளம்பு பெருகாது. டெங்கு நுளம்பு நல்ல தண்ணியில்தான் முட்டையிடும் என்று நாங்களும் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டோம். ஆனால் இலங்கையின் கரையோரங்களில் ஆராய்ந்தவர்கள் 2011 இல் வேறு கதை சொன்னார்கள்: கைவிடப்பட்ட வள்ளங்கள், பாவிக்காத கிணறுகள், எறிந்த போத்தல்கள் ஆகியவற்றில் தேங்கிய உவர்நீரிலும் அதன் குடம்பிகள் இருந்தன. முட்டை நுளம்பாக ஏறத்தாழ ஒரு கிழமை போதும். ஆகவே கிழமைக்கு ஒருதரம் வள்ளத்தைக் கவிழ்த்து வைப்பதோ தண்ணியை இறைப்பதோ அந்தச் சங்கிலியை அறுக்கும். இது வலுவான காரணம்: புதியது, கேட்பவரின் முற்றத்தைப் பற்றியது, செய்யக்கூடியது.

பயத்தோடு: 'டெங்கு உயிரைக் குடிக்கும், அவதானம்' என்று மட்டும் கத்தினால் கேட்பவர் கதவைச் சாத்துவார். 'கரையில் கிடக்கும் உங்கள் வள்ளத்தின் அடியில் உள்ள தண்ணி ஒரு கிழமையில் உங்கள் பிள்ளையைக் கடிக்கும். ஞாயிறு காலை கோவிலுக்குப் போகமுதல் கவிழ்த்து விடுங்கள்' என்றால் பயமும் வழியும் நாளும் சேர்ந்து வருகின்றன.

சிரிப்போடு: கூத்துக் கோமாளியின் குரலில் ஒரு நுளம்பு பேசட்டும். "உங்கட வள்ளத்திலதான் குடியிருக்கன். வாடகையும் இல்ல, வரியும் இல்ல. உப்புத் தண்ணி எண்டு பாத்தியளோ? எனக்கு அதுவும் பிடிக்கும்." பகிடியைத் திருப்பிச் சொல்லும் பிள்ளை காரணத்தையும் திருப்பிச் சொல்லும்.

பிரபலத்தோடு: நடிகரின் படம் தேவையில்லை. மீனவர் சங்கத் தலைவர் தன் வள்ளத்தைக் கவிழ்த்து வைத்திருப்பதைக் காட்டினால் போதும். அவருக்கு வள்ளம் தெரியும். அவர் செய்வது காரணம். அடுத்த மாதம் அவருக்கே காய்ச்சல் வந்தாலும் வள்ளத்தின் கதை பொய்க்காது.

*

எது எந்தப் பாதையால் போனது என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. அறிவித்தலை இரண்டு விதமாகச் செய்யுங்கள்: ஒன்றில் வலுவான காரணம், மற்றதில் வேண்டுமென்றே ஒரு சப்பைக் காரணம், குரல், பாட்டு, ஆள் எல்லாம் ஒன்றே. இரண்டையும் வெவ்வேறு ஆட்களுக்குப் போட்டுக் காட்டி, எவ்வளவு பிடித்தது என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் ஒருவரும் காரணத்தைக் கேட்கவில்லை. ஆளும் பாட்டும்தான் வேலை செய்தன. பதில் பிரிந்தால் யோசித்திருக்கிறார்கள்.

அதோடு, கேட்கும்போது மனதில் ஓடியதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். 'அவர்ர சட்டை வடிவு' என்று வந்தால் ஒரு விதம். 'எங்கட கிணத்தையும் பாக்க வேணும்' என்று வந்தால் வேறு விதம். இரண்டாவது வகை எத்தனை என்று எண்ணுவதுதான் உண்மையான அளவீடு. கைதட்டல் அளவீடு அல்ல.

*

மாதிரிக்கும் குறை உண்டு. வலுவான காரணம் எது என்று கேட்டால், யோசிப்பவரிடம் சாதகமான எண்ணத்தை எழுப்புவது என்கிறார்கள். முதலே மக்களிடம் பரிசோதித்துத்தான் வலுவானது, சப்பையானது என்று பிரிக்கிறார்கள். அப்படியானால் ஒரு காரணம் ஏன் வலுவாகிறது என்பதை மாதிரி சொல்லவில்லை. இரண்டு பாதை எதற்கு, எல்லாமே சான்றுதான், சிலது இலகு சிலது கடினம் என்று குருக்லான்ஸ்கி போன்றவர்கள் 1990களின் கடைசியில் வாதிட்டார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு விளம்பரத்தைப் பார்த்து 'இது நாளைக்கும் நிற்குமா' என்று கேட்பதற்கு இந்த மாதிரி போதும்.

*

மூன்றையும் தராசில் வைத்துச் சொல்வதென்றால்: பயம் ஆளை நிமிர்த்தி உட்கார வைக்கும், ஆனால் வழி காட்டாவிட்டால் முகத்தைத் திருப்ப வைக்கும். சிரிப்பு கிட்டக் கூப்பிடும், ஆனால் காரணத்தோடு ஒட்டாவிட்டால் காரணத்தையே மறைத்துவிடும். பிரபலம் மூன்றிலும் வேகமானது, மூன்றிலும் பலவீனமானதும் அதுதான். அந்த ஆளின் உடம்பும் பெயரும் இருக்கும் வரைக்கும்தான் அதன் ஆயுள். சோப்பும் சொக்கலேட்டும் விற்பவருக்கு அது போதும். ஊசி, டெங்கு, புகை என்று உயிரோடு சம்பந்தப்பட்டதை அறிவிக்கிறவருக்குப் போதாது. அப்படி அறிவிக்கிறவர்கள் அச்சுக்குக் கொடுக்கமுதல் சுவரொட்டியில் உள்ள ஆளின் படத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள். மிச்சம் இருப்பதில் காரணமும், செய்ய வேண்டிய வேலையும், அதற்கான நாளும் இருந்தால் அச்சிடுங்கள். இல்லாவிட்டால் திரும்ப எழுதுங்கள்.